வட்டத்துக்குள் முகம் நடுவில் நிற்காத புரொஃபைல் படம்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

செயலிகளில் நாம் ஏற்றுவது சதுரப் படம். பிறர் பார்ப்பது அந்தச் சதுரத்தின் நான்கு பக்கங்களையும் தொட்டு நிற்கும் வட்டம். நான்கு மூலைகளும் மறைந்துபோவதால் சதுரத்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகவே கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. டிபி சரியாக வரவில்லை என்று என்னிடம் கொண்டுவரப்படும் படங்களில் பெரும்பாலானவை நல்ல படங்களே. எந்த இடத்தில் சதுரமாக வெட்டுவது என்பதைப் படத்துக்கு உரியவர் தீர்மானிக்காமல் செயலியிடம் விட்டுவிட்டதுதான் அவற்றின் கோளாறு. ஆகவே கீழே உள்ள திருத்தங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்துக்கு வந்து சேரும்: தலையைச் சுற்றி நாமே சதுரத்தை அளந்து வெட்டி, செயலி முடிவெடுக்க எதையும் மிச்சம் வைக்காமல் ஏற்றுவது.

## எந்த அறிகுறிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை

படத்தைக் கணினித் திரையில் சதுரமாகத் திறந்து, கைவளையல் ஒன்றை அதன் மேல் வையுங்கள். வளையலின் உள்விளிம்பு சதுரத்தின் நான்கு பக்கங்களையும் தொடும்வரை படத்தைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ கொண்டால், செயலியில் தெரியப்போகும் வட்டம் அப்படியே உங்கள் கண் முன் இருக்கும். உச்சி முடியோ காதோ தாடையோ வளையலுக்கு அடியில் போனால் அது செயலியிலும் வெட்டுப்படும். அதன் பின் படத்தை ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். உரையாடல் பட்டியலில் உங்கள் முகம் ஏறத்தாழ அந்த அளவில்தான் தெரியும். அந்த அளவில் கண்கள் இருக்கும் இடம் தெரியவில்லை என்றால் முகம் போதுமான அளவு பெரியதாக இல்லை.

இந்த இரண்டு சோதனைகளிலும் தேறும் படம் செயலியில் மட்டும் தவறாகத் தெரிந்தால் நேரே மூன்றாம் அறிகுறிக்குச் செல்லலாம். தேறாத படத்துக்கு முதல் இரண்டு அறிகுறிகளில் ஒன்று பொருந்தும்.

## அறிகுறி 1: உச்சி முடி, கொண்டை, தலைப்பாகை அல்லது தாடை வெட்டுப்படுகிறது

### காரணம்: முகம் சதுரத்தை நிறைத்துவிட்டது

இதுவே எல்லாவற்றிலும் எளிய காரணம். அடிக்கடி வருவதும் இதுதான். சதுரத்தில் பார்க்கும்போது தலைக்கு மேல் கொஞ்சம் இடம் இருப்பதுபோலத் தோன்றும்; வட்டமானதும் அந்த இடம் போய்விடும். ஏனென்றால் வட்டம் மேலே செல்லச் செல்லக் குறுகிக்கொண்டே போகிறது. மேல்விளிம்பிலிருந்து சதுர உயரத்தில் 5 விழுக்காடு இறங்கிய இடத்தில் வட்டத்தின் அகலம் சதுர அகலத்தில் 44 விழுக்காடு மட்டுமே. 10 விழுக்காடு இறங்கினால் 60, 15 விழுக்காடு இறங்கினால் 71, 20 விழுக்காடு இறங்கினால் 80 என அது விரிகிறது. உச்சியில் கூம்பிய தலையாக இருந்தால் 10 விழுக்காடு இடைவெளி போதும். அடர்ந்த சுருள்முடி, உயர்த்திப் போட்ட கொண்டை, தலைப்பாகை ஆகியவை மேலேயும் அகலமாகவே இருப்பதால் அவற்றுக்கு 15 விழுக்காடு விட வேண்டும்.

நான் பின்பற்றும் அளவு இது: உச்சி முடியிலிருந்து தாடை நுனிவரை உள்ள தலையின் உயரம், சதுரத்தின் உயரத்தில் 60 விழுக்காடு, தலைக்கு மேல் 15 விழுக்காடு, தாடைக்குக் கீழே கழுத்தும் தோளும் தெரிய 25 விழுக்காடு. தலைப்பாகையோ கொண்டையோ இருந்தால் அதன் உச்சியைத்தான் தலையின் உச்சியாகக் கொள்ள வேண்டும். இப்படி வைத்தால் தலையின் மையம் வட்டத்தின் மையத்தைவிடச் சிறிது மேலே, 45 விழுக்காட்டில் நிற்கும். அதைக் கண்டு தவறு என்று எண்ண வேண்டாம். தலையைச் சரியாக வட்ட மையத்தில் வைத்தால் கழுத்துக்குக் கீழே இடம் குறைந்து, முகம் கீழே வழுகி இறங்குவதுபோல் தெரியும்.

போனிலேயே வெட்டுவதாக இருந்தால் கேலரியில் விகிதத்தை 1:1 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டும்போது திரையில் மூன்றுக்கு மூன்றாகக் கட்டங்கள் தோன்றும். மேலே உள்ள கிடைக்கோடு நெற்றியின் நடுவில் விழ வேண்டும்; கீழே உள்ள கிடைக்கோடு கீழுதட்டுக்கும் தாடை நுனிக்கும் இடையில் விழ வேண்டும். இரண்டு காதுகளும் இரண்டு நெடுங்கோடுகளுக்குச் சற்று வெளியே, இருபுறமும் ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால் மேலே சொன்ன விழுக்காடுகளைக் கணக்கிடாமலேயே ஏறத்தாழ எட்டிவிடலாம்.

### காரணம்: செயலியின் பெரிதாக்கும் சட்டம்

படத்தை ஏற்றும்போது சில செயலிகள் நம்மைக் கேட்காமலேயே சிறிது பெரிதாக்கிக் காட்டும். பார்த்தவுடன் சரி என்று அழுத்திவிடுகிறோம். இரண்டு விரல்களால் படத்தைச் சுருக்கி, இனிச் சுருங்காது என்ற நிலைவரை கொண்டுசென்ற பிறகு அழுத்துங்கள். ஏற்கெனவே சதுரமாக வெட்டிய படமாக இருந்தால், முழுவதும் சுருக்கிய நிலையில் வட்டம் நான்கு பக்கங்களையும் தொடும். தொடவில்லை என்றால் படம் இன்னும் முழுமையாகச் சுருங்கவில்லை என்று பொருள்.

### காரணம்: படமே பாஸ்போர்ட் அளவுப் படம்

கையில் வேறு படம் இல்லாதவர்கள் ஸ்டுடியோவில் எடுத்த பாஸ்போர்ட் படத்தையே ஏற்றிவிடுகிறார்கள். 35 மில்லிமீட்டர் அகலமும் 45 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட அந்தப் படத்தில் தலை உயரத்தின் முக்கால் பங்கை, அதாவது சுமார் 34 மில்லிமீட்டரை, எடுத்துக்கொள்ளும். அதிலிருந்து சதுரம் வெட்டினால் சதுரத்தின் பக்கம் 35 மில்லிமீட்டர்தான். தலை மேலும் கீழும் முட்டிக்கொண்டு நிற்கும். வெட்டுவதால் இது தீரவே தீராது. எங்கே நகர்த்தினாலும் உச்சியோ தாடையோ போகும்.

இதற்கான தீர்வு, வெட்டாமல் அகலத்தைக் கூட்டுவது. உயரம் 45 மில்லிமீட்டர் அப்படியே இருக்கட்டும். இடப்புறமும் வலப்புறமும் 5 மில்லிமீட்டர் பின்னணியைச் சேர்த்து 45க்கு 45 ஆக்குங்கள். தோள்கள் படத்தின் ஓரத்தில் நேர்கோடாக வெட்டுப்பட்டிருக்குமே, அது தெரியாதா என்று பலரும் கேட்பார்கள். தெரியாது. தோள்கள் பக்க ஓரத்தைத் தொடுவது பொதுவாகப் படத்தின் கடைசி 6 மில்லிமீட்டருக்குள்தான். அந்த உயரத்தில் வட்டத்தின் அகலம் சுமார் 30 மில்லிமீட்டராகக் குறுகிவிடுகிறது. 35 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும் வெட்டுக்கோடு வட்டத்துக்கு வெளியே போய்விடும். தோள் ஓரத்தைத் தொடும் இடம் கீழ் ஓரத்திலிருந்து சுமார் 8 மில்லிமீட்டருக்கும் மேலே இருந்தால் மட்டும் இருபுறமும் கோடு தெரியும். வளையல் சோதனை அதைக் காட்டிக்கொடுக்கும்.

கவனிக்க வேண்டியது பின்னணி நிறம். ஸ்டுடியோவின் வெள்ளை முழு வெள்ளையாக இருப்பதில்லை. சற்றுச் சாம்பலோ மஞ்சளோ கலந்திருக்கும். தூய வெள்ளையைச் சேர்த்தால் முகத்தின் இருபுறமும் இரண்டு பட்டைகள் தனியாகத் தெரியும். படத்தின் ஓரத்திலேயே நிறத்தை எடுத்து அதைத்தான் நிரப்ப வேண்டும். அங்குலத்துக்கு 300 பிக்ஸல் என்ற கணக்கில் இந்தப் படம் 413க்கு 531 பிக்ஸல் இருக்கும். கட்டளை எழுதிப் படத்தைத் திருத்தும் இமேஜ்மேஜிக் மென்பொருளைக் கணினியில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி போதும். நிறக் குறியீட்டின் இடத்தில் உங்கள் படத்தின் ஓர நிறத்தை இடுங்கள்.

```
magick passport.jpg -background "#f1f1ee" -gravity center -extent 531x531 dp.jpg
```

இதன் விளைவில் தலை 75 விழுக்காடு இருக்கும். நான் விரும்பும் 60ஐவிட இது பெரிதுதான், ஆனாலும் எதுவும் வெட்டுப்படாது. 60க்குக் குறைக்க முயன்று நான்கு பக்கமும் பின்னணியைக் கூட்டினால் தோளின் வெட்டுக்கோடுகள் வட்டத்துக்குள் வந்துவிடும் என்பதால் 75இலேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

### காரணம்: எடுக்கும்போதே உச்சி விடுபட்டுவிட்டது

கேமராவின் சட்டத்துக்குள் வராத முடியை எந்த வெட்டும் திரும்பக் கொண்டுவராது. முதலில் அசல் படம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஏற்கெனவே வெட்டிச் சேமித்த படத்தையே பலரும் மறுபடி வெட்டிக்கொண்டிருப்பார்கள். எடுத்தவரின் போனில் முழுப் படம் அப்படியே கிடக்கும். அதுவும் இல்லையென்றால் வெட்டுப்பட்டதைத் துணிந்து ஏற்றுக்கொண்டு, நெற்றிக்கு மேல் முடியின் நடுவில் தெளிவாக வெட்டி நிறுத்துங்கள். உச்சியில் நூலிழை மட்டும் காணாமல் போவது பிழையாகத் தெரியும். தெளிவான நெருக்கக் காட்சி பிழையாகத் தெரியாது. மறுபடி எடுக்க முடியுமானால் அதுவே சிறந்தது: போனை நெட்டாகப் பிடித்து, இடுப்புவரை தெரியும் தூரத்தில் நின்று எடுங்கள். நெருங்கி எடுத்துவிட்டால் பின்னர் இடம் விட முடியாது; தள்ளி எடுத்ததை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம்.

## அறிகுறி 2: முகம் ஒரு பக்கமாகவோ மேலாகவோ ஒதுங்கி நிற்கிறது

### காரணம்: சதுரமில்லாத படத்தை அப்படியே ஏற்றியது

நெட்டுப் படத்தைத் தந்தால் பல செயலிகள் அதன் நடுப்பகுதியைச் சதுரமாக எடுத்துக்கொள்கின்றன. ஆனால் முழு உருவப் படத்தில் முகம் நடுவில் இருப்பதில்லை. மேல் பாதியில் இருக்கும். விளைவாக வட்டத்தின் மையத்தில் சட்டைப் பொத்தானும், மேல் ஓரத்தில் முகமும் தெரியும். ஒரு படத்தை எடுத்து முழுவதும் வேலை செய்து பார்ப்போம்.

வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் ஓர் ஆசிரியையின் படம். 3000 பிக்ஸல் அகலம், 4000 பிக்ஸல் உயரம். உச்சி முடி மேலிருந்து 900ஆவது பிக்ஸலில், தாடை நுனி 1800இல். இடது ஓரத்திலிருந்து அளந்தால் ஒரு காது 1250இல், மற்றது 1900இல். செயலி இதன் நடுச் சதுரத்தை எடுத்தால் உயரத்தில் 500 முதல் 3500 வரை வரும். தலையின் மையம் 1350இல் இருப்பதால் அது அந்தச் சதுரத்தின் உயரத்தில் 28 விழுக்காட்டில் நிற்கும். தலையின் உயரமோ சதுரத்தில் 30 விழுக்காடு மட்டுமே. முகம் மேலே ஒதுங்கியிருக்கிறது, சிறியதாகவும் இருக்கிறது என்ற இரண்டு குறைகளுக்கும் காரணம் இதுதான்.

சரியான சதுரத்தைக் கண்டுபிடிப்பது மூன்று கணக்குகள். தலையின் உயரம் 1800 கழித்தல் 900, அதாவது 900. அது சதுரத்தில் 60 விழுக்காடாக இருக்க வேண்டுமென்றால் சதுரத்தின் பக்கம் 900ஐ 0.6ஆல் வகுத்த 1500. இரண்டு காதுகளுக்கும் நடுப்புள்ளி 1575. அதிலிருந்து பாதிப் பக்கமான 750ஐக் கழித்தால் சதுரத்தின் இடது ஓரம் 825. தலைக்கு மேல் 15 விழுக்காடு என்பது 225 பிக்ஸல். 900லிருந்து அதைக் கழித்தால் மேல் ஓரம் 675. இந்த மூன்று எண்களே போதும்.

ஜிம்ப் மென்பொருளில் படத்தைத் திறந்து சுட்டியை நகர்த்தினால், கீழே உள்ள பட்டையில் சுட்டி நிற்கும் இடத்தின் பிக்ஸல் எண்கள் தெரியும். உச்சி, தாடை, காதுகள் ஆகியவற்றின் அளவை அப்படித்தான் எடுப்பது. பிறகு `R` விசையை அழுத்திச் செவ்வகத் தேர்வுக் கருவியை எடுத்து, அதன் அமைப்புகளில் `Position` என்ற இடத்தில் 825, 675 என்றும், `Size` என்ற இடத்தில் 1500, 1500 என்றும் இட்டு, `Image > Crop to Selection` கொடுக்க வேண்டும். கடைசியாக `Image > Scale Image` வழியே 800க்கு 800 ஆக்கி `File > Export As` மூலம் ஜேபிஜியாகச் சேமிக்க வேண்டும். இமேஜ்மேஜிக் கட்டளையாக எழுதினால் இவ்வளவுதான்:

```
magick padam.jpg -auto-orient -crop 1500x1500+825+675 +repage -resize 800x800 -quality 92 dp.jpg
```

சரிபார்ப்போம். புதிய சதுரத்தில் உச்சி 15 விழுக்காட்டில் இருக்கிறது. அங்கே வட்டத்தின் அகலம் சுமார் 1070 பிக்ஸல். தலையின் மிக அகலமான இடமே 650 பிக்ஸல்தான் என்பதால் இருபுறமும் தாராளமாக இடம் இருக்கிறது. இதே படத்தில் தலைக்கு மேல் 5 விழுக்காடு மட்டும் விட்டிருந்தால் அந்த உயரத்தில் வட்டம் 654 பிக்ஸலாகச் சுருங்கி, அடர்ந்த முடியை உரசிக்கொண்டு நின்றிருக்கும்.

### காரணம்: தவறான ஒன்றை மையமாகக் கொண்டது

படம் சதுரமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் முகம் ஒதுங்கித் தெரிகிறது என்றால் வெட்டியவர் எதை நடுவில் வைத்தார் என்று பார்க்க வேண்டும். உடலையோ தோளையோ நடுவில் வைத்திருந்தால், சாய்ந்து உட்கார்ந்தவரின் முகம் விலகிப்போகும். நேராகப் பார்க்கும் முகத்துக்கு நெற்றிப் பொட்டு, மூக்கு நுனி, தாடை நுனி ஆகியவை வரும் கோட்டையே நடுவாகக் கொள்ளலாம். பாதி திரும்பிய முகத்தில் அந்தக் கோடு உதவாது. மூக்கை நடுவில் வைத்தால் தலையின் பின்பகுதி முழுவதும் ஒரு பக்கம் குவிந்துவிடும். அங்கே தலையின் இரு வெளி ஓரங்களுக்கும் இடைப்பட்ட புள்ளியை நடுவாக வைத்து, முகம் பார்க்கும் திசையில் மட்டும் சற்றுக் கூடுதலாக, சதுர அகலத்தில் 3 முதல் 5 விழுக்காடுவரை இடம் விடலாம்.

ஒரு பக்கம் மட்டும் தொங்கும் மல்லிகைச் சரம், தோளில் போட்ட துண்டு, கையில் பிடித்த கோப்பை போன்றவற்றை அளவில் சேர்க்கக் கூடாது. பூ வெட்டுப்படாமல் இருக்க வேண்டும் என்று சதுரத்தை நகர்த்தினால் முகம் எதிர்ப்பக்கம் போய்விடும். பூவும் வேண்டும் என்றால் நகர்த்தாமல் சதுரத்தைப் பெரிதாக்குங்கள். தலை 60லிருந்து 52 விழுக்காடாகக் குறைந்தாலும் மையம் மாறாது.

### காரணம்: வெட்டிய பிறகு சாய்வைத் திருத்தியது

தலை சாய்ந்திருக்கிறது என்று வெட்டிய பின் படத்தைச் சுழற்றினால், மென்பொருள் காலி மூலைகளை மறைக்கப் படத்தை மேலும் பெரிதாக்கும். கணக்கிட்ட இடைவெளி எல்லாம் போகும். முதலில் சுழற்றல், அடுத்து வெட்டு, கடைசியில் அளவு குறைத்தல் என்ற வரிசையை மாற்றக் கூடாது.

### காரணம்: ஒரு படத்தில் இருவர்

தம்பதியர் படத்தில் யாரேனும் ஒருவர் பாதி வெட்டுப்படுவது பெரும்பாலும் ஒருவர் உயரமாக நிற்பதால்தான். இருவரின் தலைகளையும் சேர்த்து ஒரு செவ்வகமாக எண்ணி, அதன் குறுக்குக் கோட்டின் நீளத்தைச் சதுரத்தின் பக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் செவ்வகத்தின் மையமே வட்டத்தின் மையம். இருவருக்கு இது ஒத்துவரும். நான்கு பேர் கொண்ட குடும்பப் படத்தில் ஒவ்வொரு முகமும் மிளகு அளவுக்குச் சுருங்கிவிடுவதால் அதை டிபியாக வைப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

## அறிகுறி 3: ஒரு செயலியில் சரியாகவும் இன்னொன்றில் தவறாகவும் தெரிகிறது

முதலில் பார்க்க வேண்டியது, இரண்டிலும் ஒரே கோப்பைத்தான் ஏற்றினீர்களா என்பதை. ஒரு செயலிக்குள் விரலால் நகர்த்தி வெட்டியது அந்தச் செயலிக்கு மட்டுமே பொருந்தும். போனில் உள்ள படம் மாறுவதில்லை. அடுத்த செயலிக்குப் போகும்போது பழைய சதுரமில்லாத படமே போகிறது. வெளியே வெட்டிச் சேமித்த 800க்கு 800 கோப்பையே எல்லாவற்றிலும் ஏற்றினால் இந்த வேறுபாடு நின்றுவிடும்.

அப்படிச் செய்தும் பழைய படமே தெரிந்தால் அது சேமித்து வைக்கப்பட்ட பழைய சிறுபடமாக இருக்கலாம். உங்கள் போனில் புதியதும் நண்பரின் போனில் பழையதும் தெரிவது இதன் அடையாளம். படத்தை மறுபடி மறுபடி ஏற்ற வேண்டாம். நண்பரிடம் உங்கள் படத்தைத் தொட்டுப் பெரிதாகத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரிதாகத் திறக்கும்போது புதியது தெரிந்தால் சிறுபடமும் தானாக மாறிவிடும்.

## அறிகுறி 4: முகம் நடுவில் இருக்கிறது, ஆனால் மங்கலாக இருக்கிறது

எக்ஸ் தளம் 400க்கு 400 பிக்ஸலையும் யூடியூப் 800க்கு 800 பிக்ஸலையும் பரிந்துரைக்கின்றன. ஆகவே 800 வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் போதும். அதில் 60 விழுக்காடு என்றால் தலைக்கு 480 பிக்ஸல் வேண்டும். அசல் படத்தில் உச்சியிலிருந்து தாடைவரை 480க்குக் குறைவாக இருந்தால் மென்பொருள் இல்லாத விவரத்தை இழுத்துப் பெரிதாக்குகிறது. 240க்குக் குறையாமல் இருந்தால் 400க்கு 400 ஆக வெட்டி வைத்துக்கொள்ளலாம். 240க்கும் கீழே போனால், அதாவது பெரும்பாலான குழுப் படங்களில், வேறு படம் தேடுவதே வழி.

முகம் பெரியதாக இருந்தும் மங்கலாக இருந்தால் படம் வந்த வழியைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பப்பட்டு, பின் வேறொருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை மறுபடி அனுப்பியிருப்பார்கள். எடுத்தவரிடம் அதையே டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் அசல் அளவில் வந்துசேரும். இதைச் செய்த பிறகும் மங்கல் மாறவில்லை என்றால் எடுக்கும்போதே கை அசைந்திருக்கிறது.

## அறிகுறி 5: முகம் நீண்டோ அகன்றோ, படுத்தோ தெரிகிறது

நீண்டு தெரிந்தாலோ அகன்று தெரிந்தாலோ, படத்தை வெட்டாமல் அகலத்தையும் உயரத்தையும் தனித்தனியே மாற்றிச் சதுரமாக்கியிருக்கிறார்கள். பெயிண்டில் `Maintain aspect ratio` என்ற பெட்டியின் குறியை எடுத்துவிட்டால் இது நேரும். அசலுக்குத் திரும்பி, வெட்டிச் சதுரமாக்கிய பிறகே அளவைக் குறைக்க வேண்டும்.

படம் படுத்துவிட்டால், போன் அதை எந்தத் திசையில் பிடித்து எடுத்தது என்ற குறிப்பைக் கோப்புக்குள் எழுதியிருக்கிறது. ஏற்றும் பக்கம் அந்தக் குறிப்பைப் படிக்கவில்லை. மேலே தந்த கட்டளையில் உள்ள `-auto-orient` அதைப் படித்துப் பிக்ஸல்களையே நிமிர்த்திவிடும்.

## அறிகுறி 6: வட்டத்தின் ஓரத்தில் கறுப்பு அல்லது வெள்ளைப் பிறை

வேறு செயலியில் முன்பே வட்டமாக வெட்டிய படத்தை ஏற்றியிருக்கிறீர்கள். ஒரு வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம் துல்லியமாகப் பொருந்துவதில்லை. வெட்டிய வட்டத்தின் மூலைகள் ஒளி ஊடுருவும் வகையில் இருந்தால் ஜேபிஜியாக மாறும்போது அவை கறுப்பாகவும் ஆகலாம். மூலைகளை வெட்ட வேண்டிய வேலை செயலியுடையது. நீங்கள் தர வேண்டியது மூலைகள் நிறைந்த சதுரம்.

## ஸ்டுடியோவுக்கு எப்போது செல்ல வேண்டும்

ஒரு மாலை நேர வெளிச்சமும் இன்னொருவரின் கையும் கிடைத்தால் புதிதாக எடுத்துக்கொள்வது எப்போதும் மலிவு. மறைந்த ஒருவரின் படம், அச்சில் மட்டும் இருக்கும் பழைய படம், உச்சி வெட்டுப்பட்டு வேறு பிரதி இல்லாத படம், நெருக்கமாகத் தலை தொட்டு நிற்கும் குழுவிலிருந்து ஒருவரை மட்டும் பிரித்தெடுக்க வேண்டிய படம் ஆகிய நான்கு நிலைகளில் மட்டும் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். அச்சுப் படத்தைப் போனில் படம்பிடித்து எடுத்துச் செல்லாமல் அச்சையே கொண்டுசென்று ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கண்ணாடிச் சட்டத்திலிருந்து அதைக் கழற்றிக்கொண்டு போனால் ஒளிப் பிரதிபலிப்பு விழாது.

கொடுக்கும்போது "டிபிக்கு வேண்டும்" என்று மட்டும் சொன்னால் பழக்கத்தில் பாஸ்போர்ட் அளவில் நெருக்கி வெட்டித் தருவார்கள். "அண்ணே, 800க்கு 800 சதுரம், தலைக்கு மேல் ஒரு நெற்றி அளவு இடம் விடுங்கள், வட்டமாக வெட்ட வேண்டாம்" என்று சொல்லுங்கள். வெட்டாத முழுக் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திருத்தம் தேவைப்பட்டால் அதிலிருந்துதான் மறுபடி வெட்ட முடியும்.